இரண்டு பருப்பு வியாபாரங்கள் ஒன்றானால் லாபம் ஏன் குறையலாம்?

கேள்வி: போர்ட் லூயியில் கடலைப்பருப்பு இறக்குமதி செய்கிறேன். இங்கே மொத்த வியாபாரத்தில் நாங்கள் நான்கு பேர்தான், நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சரக்கு. அதில் ஒருவர் என் மைத்துனர். இரண்டு வியாபாரத்தையும் ஒன்றாக்கி, சரக்கைக் கொஞ்சம் குறைத்தால் விலை ஏறும், லாபம் கூடும் என்கிறார். கணக்குப்பிள்ளையோ வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: விலை ஏறும் என்பதில் உங்கள் மைத்துனர் சரி. லாபத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்ன நிலவரத்தில், கணக்குப்பிள்ளை பக்கம்தான் நான்.

உங்கள் தொழிலில் விலையை யாரும் பலகையில் எழுதி வைத்துப் போட்டி போடுவதில்லை. எத்தனை கண்டெய்னர் வரவழைப்பது என்பதை வாரக்கணக்கில் முன்னதாகவே முடிவு செய்கிறீர்கள். கப்பல் வந்து சேர்ந்ததும், நால்வரின் சரக்கும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கிறது. இப்படி அளவை வைத்துப் போட்டி போடும் சந்தையைப் பற்றி 1838-லேயே கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் கணக்குப் போட்டு வைத்தார். அந்தக் கணக்கிலிருந்துதான் உங்களுக்கான பதிலும் வருகிறது.

சுலபமான எண்களாக எடுத்துக்கொள்வோம். துறைமுகச் செலவு உட்பட கிலோவுக்கு அடக்கம் 100 ரூபாய். நால்வரும் மாதம் 20 டன் இறக்குகிறீர்கள், மொத்தம் 80 டன், விலை 120 ரூபாய். சந்தையில் ஒரு டன் கூடினால் விலை ஒரு ரூபாய் இறங்கும், குறைந்தால் ஒரு ரூபாய் ஏறும். கிலோவுக்கு 20 ரூபாய் மிஞ்சுவதால் ஆளுக்கு மாதம் 4 லட்சம், உங்கள் இருவருக்கும் சேர்த்து 8 லட்சம்.

ஏன் 20 டன்னோடு நிற்கிறீர்கள்? இன்னொரு டன் இறக்கினால் அதில் 20,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் விலை ஒரு ரூபாய் இறங்கி, ஏற்கெனவே உள்ள 20 டன்னில் 20,000 ரூபாய் போய்விடும். வரவும் செலவும் சரி. அந்த ஒரு ரூபாய் இறக்கம் மற்ற மூவரையும் அடிக்கிறதுதான், ஆனால் அது உங்கள் கணக்கில் வராது.

இப்போது ஒன்று சேர்கிறீர்கள், கையில் 40 டன். ஒரு டன்னைக் குறைத்தால் அதில் வரவேண்டிய 20,000 போகிறது, ஆனால் மீதிச் சரக்கில் ஏறக்குறைய 40,000 கூடுகிறது. முன்பு மைத்துனரின் தலையில் விழுந்த இழப்பு இப்போது உங்கள் இழப்பு, அதனால் குறைக்கத் தோன்றும். மற்ற இருவரும் 20 டன்னிலேயே அசையாமல் இருந்தால் நீங்கள் 30 டன்னுக்கு இறங்குவது உத்தமம். மொத்தம் 70 டன், விலை 130, உங்கள் லாபம் 9 லட்சம். மைத்துனர் மனதில் இருப்பது இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த இருவர் ஏன் அசையாமல் இருக்க வேண்டும்? விலை 130 ஆனதும் அவர்களுக்கு ஒரு டன் கூட்டினால் 30,000 வரும், தங்கள் 20 டன்னில் 20,000-தான் போகும். சரக்கைக் கூட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர்கள் கூட்டக் கூட்ட விலை இறங்கும், நீங்களும் இன்னும் கொஞ்சம் குறைப்பீர்கள். எல்லாரும் ஆளுக்கு 25 டன்னில் வந்து நிற்கும்போதுதான் இந்த ஆட்டம் ஓயும். அப்போது மொத்தம் 75 டன், விலை 125. கூட்டு நிறுவனத்தின் லாபம் 25 டன்னுக்குக் கிலோவுக்கு 25 ரூபாய் வீதம் 6,25,000. முன்பு இருவரும் சேர்ந்து சம்பாதித்ததைவிட 1,75,000 குறைவு. சேராமல் ஒதுங்கி நின்ற இருவரோ 4 லட்சத்திலிருந்து ஆளுக்கு 6,25,000-க்குப் போய்விடுவார்கள். உங்கள் கல்யாணத்துக்கு மொய் அவர்களுக்கு!

25 டன் என்பது ஒற்றைக் கண்டெய்னர் கணக்குக்குள் அடங்காது என்று சொல்வீர்கள். நாலு மாதச் சராசரியாகப் பாருங்கள். இருபது டன் கண்டெய்னரில் இதுவரை நாலு இறக்கியவர் இனி ஐந்து இறக்குவார். அவ்வளவுதான்.

'சரி, சேர்ந்த பிறகும் 40 டன்னையே இறக்குகிறோம், அப்போது நஷ்டம் இல்லையே' என்று கேட்கலாம். இல்லைதான், பழைய 8 லட்சமே வரும். அப்படியானால் எதற்குச் சேர வேண்டும்? தவிர, ஒரே பேரேடு ஆனபின் குறைக்கும் ஆசை விடாது, அது போட்டியாளர்களுக்கும் தெரியும்.

இந்த முடிவை 1983-இல் சாலன்ட், ஸ்விட்சர், ரெனால்ட்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் பொதுவாக நிறுவிக் காட்டினார்கள். எல்லாருக்கும் அடக்க விலை ஒன்றே, அது அளவோடு மாறாது, விலை நேர்கோட்டில் இறங்கும் என்றால், சந்தையில் இருப்பவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேராவது ஒன்று சேர்ந்தால் ஒழிய இணைப்பு லாபம் தராது. உங்கள் நால்வரில் மூன்று பேர் சேர்ந்தாலும் போதாது. அந்த மூவரின் 12 லட்சம் ஏறக்குறைய 11,11,000 ஆகிவிடும். நால்வரும் சேர்ந்தால்தான் உண்டு.

ஆகவே விலையை நம்பிச் சேராதீர்கள். செலவு குறைகிறதா என்று பாருங்கள். இரண்டு கிடங்கு வாடகையும் இரண்டு கணக்கர் சம்பளமும் ஒன்றாவதில் மாதம் 1,75,000-க்கு மேல் மிஞ்சினால் நஷ்டம் ஈடாகும். கிலோ அடக்கத்தில் கிடைக்கும் சேமிப்புக்கு இதைவிட வலு அதிகம். உங்கள் அடக்கம் குறைந்தால் நீங்கள் சரக்கைக் கூட்டுவீர்கள், போட்டியாளர்கள் பின்வாங்குவார்கள். மேலே சொன்ன எண்களில் கிலோவுக்கு ஏறக்குறைய நாலரை ரூபாய் குறைந்தாலே பழைய 8 லட்சத்தைத் தொட்டுவிடலாம். பெரிய ஆர்டருக்கு ஏற்றுமதியாளர் அவ்வளவு தள்ளுபடி தருவாரா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். மற்ற இருவராலும் உண்மையிலேயே சரக்கைக் கூட்ட முடியுமா? வங்கிக் கடன் வரம்பு முட்டி, கிடங்கும் நிரம்பி இருந்தால் அவர்கள் 20 டன்னிலேயே நிற்பார்கள், மைத்துனரின் 9 லட்சம் நிஜமாகலாம். கடந்த காலத்தில் உங்களில் ஒருவர் சரக்கு தாமதமானபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அடுத்த கப்பலிலேயே கூடுதலாக இறக்கியிருந்தால் பதில் தெரிந்துவிடும். விலை நன்றாக இருக்கிறது என்று ஐந்தாவதாக ஒருவர் புகுந்தால் கணக்கு இன்னும் மோசம்.

பெயர் போட்ட பாக்கெட்டில், விலை குறித்து விற்கும் சரக்குக்கு இது பொருந்தாது. அங்கே நீங்கள் விலையை ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றுவார்கள், இணைப்பு பெரும்பாலும் லாபமாகவே முடியும். உங்களுடையது மூட்டைப் பருப்பு என்று எடுத்துக்கொண்டே மேலே சொன்னேன்.

கடைசியாகச் சட்டம். மொரீஷியஸ் போட்டி ஆணையத்துக்கு இணைப்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சேர்ந்தபின் சந்தையில் 30 சதவீதமோ அதற்கு மேலோ உங்கள் கையில் இருந்தால் அது விசாரிக்கலாம். இப்போதே ஆளுக்குக் கால் பங்கு வைத்திருக்கிறீர்கள் என்பதால் அந்த வரம்பைத் தாண்டுவீர்கள். நாலு பேரும் பேசிவைத்துக்கொண்டு சரக்கைக் குறைக்கலாமே என்று மைத்துனர் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம், அது நேரடியாகவே தடை செய்யப்பட்ட கூட்டுச் சதி.