எழுந்து போவதும் நிரூபணத்தின் வேலைதான்

"ஒரு வடிவியல் நிரூபணத்தில் இரண்டு நாளாகச் சிக்கி நிற்கிறேன். திரும்பத் திரும்ப அதே துணைக்கோட்டைத்தான் வரைகிறேன். நடக்கப் போனால் பயன் உண்டா?"

உண்டு. முதலில் தோன்றிய தவறான வழி ஒவ்வொரு முயற்சியிலும் மேலும் பதிந்து, மற்ற வழிகளை மறைத்துவிடுகிறது. இடைவெளியில் அதன் பிடி தளர்கிறது என்பதே உளவியலாளர் தரும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. ஃபூக்ஸ் சார்புகள் என்ற ஒருவகைச் சார்புகளை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொயின்காரேவுக்கு, அவற்றின் உருமாற்றங்கள் யூக்ளிடியமல்லாத வடிவியலினவையே என்பது கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த கணத்தில் புலப்பட்டது. அதற்கு முன் பல நாள் கடும் உழைப்பு இருந்தது. சரிபார்ப்பு, அவர் அப்போது வாழ்ந்த கான் நகருக்குத் திரும்பிய பிறகே நடந்தது.

எனவே எழுவதற்கு முன், எதை நிறுவ வேண்டும், உங்கள் துணைக்கோடு எந்த இடத்தில் தோற்கிறது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். பின்பு கைப்பேசியின்றி அரை மணி நேரம் நடங்கள். வழியில் கணக்கை மனத்துக்குள் ஓட்டினால் பழைய கோடே வலுப்படும். திரும்பியதும் பழைய தாளைப் பார்க்காமல், படத்தை வேறு கோணத்தில் திருப்பிப் புதிதாக வரையுங்கள். மீண்டும் அதே கோடு வந்தால், ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

ஸ்டான்ஃபோர்டின் 2014 ஆய்வில், நடை பலவகை யோசனைகளைப் பெருக்கியது. ஒரே விடையுள்ள சொற்புதிர்களில் அது உதவவில்லை. ஆகையால் நடையில் புதிய கோடுகள் தாமாகத் தோன்ற இடம் கொடுங்கள், நிறுவும் வேலையை மேசையில் செய்யுங்கள். தேவையான தேற்றமே தெரியாதிருந்தால், எவ்வளவு நடந்தாலும் அது கிடைக்காது; பாடநூலைத் திறப்பதே வழி.