முகவரிலிருந்து அண்டர்ரைட்டிங் பிரிவுக்கு

“மூன்று வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன், 140 வாடிக்கையாளர்கள் உண்டு. சம்பள வேலையாக அண்டர்ரைட்டிங் அல்லது கிளைம் பக்கம் போக முடியுமா?”

முடியும். ஆனால் அந்த 140 என்ற எண்ணிக்கை விற்பனை மேலாளர் பதவிக்கே அதிகம் உதவும். விண்ணப்பிப்பவரின் ஆபத்தை மதிப்பிட்டு, பாலிசி தரலாமா, எவ்வளவு பிரீமியம் என்று முடிவு செய்வதே அண்டர்ரைட்டிங். அதற்கான நேர்காணலில், பாலிசி கேட்பவர் நிரப்பும் ஒரு முன்மொழிவுப் படிவத்தை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நான் முகவராக இருந்தபோது, 46 வயதுக்காரர் ஒருவர் சர்க்கரை நோய் பற்றிய கேள்விக்கு “இல்லை” என்றார். அவர் மேசையிலோ சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை கிடந்தது. விசாரித்து “ஆம்” என்று எழுதவைத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அறிக்கையையும் இணைத்தேன். பிரீமியம் கூடியது, என் கமிஷனும் தாமதமானது. ஆனால் பின்னாளில் நேர்காணலில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு நிகழ்வுதான். பாலிசி எடுத்த குறுகிய காலத்தில் மரணம் நேர்ந்தால், கிளைம் அதிகாரி படிவத்தின் தேதியையும் மருத்துவக் குறிப்பில் நோய் முதலில் பதிவான தேதியையும் ஒப்பிடுவார் என்பதால், அந்தப் பிரிவுக்கும் இதே அனுபவம் பொருந்தும்.

உங்களிடமும் இத்தகைய இரண்டு மூன்று கோப்புகள் இருக்கும்; பெயர்களை நீக்கிவிட்டு, அவற்றைப் பேசத் தயாராகுங்கள்.

விலகல் கடிதம் கொடுக்கும் முன் முகவர் ஒப்பந்தத்தை எடுத்து, ஏற்கெனவே விற்ற பாலிசிகளின் பிரீமியம் கட்டப்படும்போதெல்லாம் வரும் புதுப்பிப்புக் கமிஷன் தொடருமா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் நிறையாவிட்டால் அது நின்றுவிடும்.