‘முடித்து’ என்ற ஒரு சொல்

கேள்வி: ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வரைவாளராக இருக்கிறேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சும்மாவே உழைத்தேன். மூன்று ஆண்டுகளாகச் சம்பள உயர்வு இல்லை. இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நாற்பது நாளில் அங்கே சேர வேண்டும். முன்னறிவிப்புக் காலம் அறுபது நாள். பகை வேண்டாம் என்று, நிறுவனத்துக்கு நன்றி சொல்லி, “என் பொறுப்பில் உள்ள வரைபடங்கள் அனைத்தையும் முடித்து ஒப்படைத்துவிட்டுச் செல்கிறேன்” என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். “முடித்துக் கொடு, அப்புறம் போகலாம்” என்கிறார் முதலாளி. நான் போக முடியாதா?

பதில்: போகலாம். வேலை செய்ய விருப்பமில்லாதவரை வேலையில் இருத்தி வைக்க எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. Specific Relief Act எனப்படும் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளையும் சம்பள உயர்வையும் இப்போது எடுக்காதீர்கள். அவை உங்களை ஒரு நாள்கூட முன்னதாக விமானம் ஏற்றாது. நன்றி சொன்னதாலும் கெடுதல் இல்லை.

சிக்கல் ‘முடித்து’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒப்படைப்பது வேறு, முடிப்பது வேறு. வரைபடம் எப்போது முடியும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? வாடிக்கையாளர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால் திருத்தம் பி, திருத்தம் சி ஆகும். கடிதத்தில் கடைசி நாளும் எழுதவில்லை என்றால், கிளம்பும் தேதியைக் குறிக்கும் உரிமையை நீங்களே முதலாளி கையில் கொடுத்துவிட்டீர்கள். இன்றே மின்னஞ்சலில் ஒரு விளக்கக் கடிதம் அனுப்புங்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெற்று மறுபடி கொடுக்காதீர்கள், முன்னறிவிப்பு முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். “என் கடைசிப் பணி நாள் இன்ன தேதி. அன்றுவரை செய்த வரைபடங்களை, அன்றிருக்கும் நிலையிலேயே, பட்டியலுடன் ஒப்படைக்கிறேன்” என்ற இரண்டு வரி போதும்.

அந்தப் பட்டியலில் வரைபட எண், திருத்த எண், நிலை மூன்றும் இருக்கட்டும். ஒப்புதலுக்குப் போனதா, கட்டுமானத்துக்கு வெளியிட்டதா, குறிப்புகள் நிலுவையா என்பதுதான் நிலை. DWG கோப்பை மட்டும் கொடுத்தால், இணைப்புக் கோப்புகளும் எழுத்துருக்களும் இல்லாமல் அது பாதியாகத்தான் திறக்கும். ‘கோப்புகளைக் கெடுத்துவிட்டுப் போனான்’ என்ற புகார் அங்கேதான் பிறக்கிறது. ஆட்டோகேடில் ETRANSMIT கொடுத்து, எழுத்துருக்களையும் சேர்க்கும்படி தெரிவுசெய்து, மொத்தமாகக் கட்டி, நிறுவனத்தின் சர்வரிலேயே வையுங்கள். பட்டியலின் நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

என்னிடம் வந்த ஒரு வரைவாளர் இதையெல்லாம் சரியாகவே செய்தார். கடைசி இரவில், “அங்கிருந்து சந்தேகம் கேட்டால் சொல்ல உதவும்” என்று எல்லாக் கோப்புகளையும் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டார். நல்லெண்ணம்தான். நிறுவனம் சர்வர் பதிவை எடுத்துக் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பியது. அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதே அப்பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கம் என்று காட்டிவிட்டால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை என்ற பேச்சு தொடங்கிவிடும். ‘நான் வரைந்தது’ என்ற வாதமும் அவருக்கு உதவவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின்போது வரைந்ததன் பதிப்புரிமை முதலாளிக்கே என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, இங்கே வழக்கறிஞர் வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே பென்டிரைவ், சொந்த மின்னஞ்சல், கைபேசிப் படம் எதுவும் வேண்டாம். புதிய வேலைக்கு மாதிரி வரைபடம் தேவையென்றால் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மீதி இருபது நாளுக்கு என் யோசனை, பணத்தைக் கட்டிவிடுங்கள் என்பதே. முதலில் நியமன உத்தரவைப் படியுங்கள். ‘அல்லது அதற்கீடான சம்பளம்’ என்ற வாசகம் இருக்கிறதா, அந்தத் தெரிவு இரு தரப்புக்குமா நிறுவனத்துக்கு மட்டுமா, அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய அபராதம் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம்: ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே, நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது. ஆனால் இதை வாதாடி வெல்ல ஆகும் காலத்தில் அந்த வேலை வேறொருவருக்குப் போயிருக்கும்.

பணத்தைச் சும்மா கட்டாதீர்கள். ஒரே நாளில், ஒரே மேசையில், ஒப்படைப்புப் பட்டியலில் முதலாளியின் கையெழுத்து, இருபது நாள் சம்பளத்துக்கான ரசீது, பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் நான்கும் கைமாற வேண்டும். கடிதத்தைப் பிறகு அஞ்சலில் அனுப்புகிறோம் என்றால், காசோலையையும் பிறகு அனுப்புவதாகச் சொல்லுங்கள்.