அப்பாவின் படத்தைச் சரிசெய்யக் கேட்டு ஸ்டுடியோவுக்கு ஒரு கடிதம்: டச்சிங் வேலை செய்பவரின் பதில்கள்

கேள்வி: ஸ்டுடியோவுக்கு எழுதியிருக்கிறேன்: "ஐயா, மறைந்த என் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் மழையில் நனைந்து ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இடது கண்ணைப் பூஞ்சை அரித்துவிட்டது. முகத்தை நன்றாக, பளிச்சென்று ஆக்கித் தாருங்கள்." இது போதுமா?

பதில்: கடைசி வரியை எடுத்துவிடுங்கள் அம்மா. அதைப் படிப்பவர் தோலை வழுவழுப்பாக்கி, சுருக்கங்களோடு உங்கள் அப்பாவையும் அழித்துவிடுவார். புருவத் தழும்பு, மச்சம், வகிடு என எவையெல்லாம் அப்படியே இருக்க வேண்டுமோ அவற்றை எழுதுங்கள். இடது கண் என்றால் அவருடைய இடதா, பார்க்கிற நமக்கு இடதா? அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பிரிண்ட் போடும் முன் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் படம் தண்ணீரில் ஊறவைத்ததும் கண்ணாடியை விட்டு வந்துவிட்டது. கடிதம் எழுதியவரும் அப்படியே செய்யலாமே அண்ணே?

பதில்: பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் பதிந்த மேல்பூச்சான ஜெலட்டின் ஊறி இளகும், அது உண்மை. ஆனால் பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போய்விடும். உலர்ந்த நிலையில் உரித்தாலும் ஆபத்துதான். தொடக்கத்தில் நான் அப்படி உரித்த ஒரு படத்தில், பாதி மீசை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. இன்னமும் அது மனதை அறுக்கிறது. கண்ணாடி வழியாகப் பாருங்கள்: ஒட்டிய இடம் ஈரம்போலக் கருமையாகவும், ஒட்டாத இடம் வெளிறியும் தெரியும். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால், 8க்கு 12 வரை தெளிவாகப் பெரிதாக்கலாம். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பலாம்.

கேள்வி: என் கல்யாண கலர் படம் முழுக்கச் சிவந்துவிட்டது. அதுவும் பூஞ்சையா?

பதில்: இல்லை. அந்தக் காலத்துக் கலர் படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. ஸ்கேனில் ஓரளவு மீட்கலாம். தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கடிதம் எழுதியவள்தான். நல்ல கண்ணையே நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி வைத்துவிடலாம் என்கிறார் ஸ்டுடியோக்காரர். அப்பா முகம் மாறிவிடாதா?

பதில்: மாறும். விளக்கு ஒரு பக்கமிருந்து விழுந்திருந்தால், இரண்டு விழிகளிலும் வெளிச்சப் புள்ளி ஒரே பக்கம்தான் இருக்கும். திருப்பி வைத்தால் ஒன்றில் எதிர்ப்பக்கம் போய்விடும். புள்ளியை மாற்றி வைத்தாலும் இமையின் சரிவு அவருடையதாக இருக்காது. அதே வயதில், முகம் அதே பக்கம் திரும்பிய வேறு படம் தேடுங்கள். கல்யாண குரூப் போட்டோ, லைசென்ஸ், எதுவானாலும் சரி.

கேள்வி: லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் பத்து வருடம் பிந்தியது. இமை சற்று இறங்கியிருக்கிறது. அப்போதும் அப்படித்தான் என்கிறார் அம்மா, இல்லை என்கிறார் சித்தப்பா.

பதில்: அதை நான் தீர்மானிக்க முடியாது அம்மா. இரண்டு விதமாகவும் செய்து தரச் சொல்லி, எது யார் சொன்னபடி செய்தது என்று சொல்லாமல் இருவரிடமும் காட்டுங்கள். மூலப் படத்தைக் கண்ணாடியோடு அப்படியே திருப்பித் தர வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள்.