மெஷின் நின்ற மணிக்கணக்கை வைத்து கோல் எழுதுவது எப்படி?

கேள்வி: ஆட்டோ பார்ட்ஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஏப்ரலில் அந்த வருடத்து இலக்கை, அதாவது கோல், எழுதச் சொல்கிறார்கள், ஆனால் மார்ச்சில் ரேட்டிங் போடும்போது மேனேஜர் மனதில் தோன்றியதைத்தான் போடுகிறார். அளக்கக்கூடிய மாதிரி எப்படி எழுதுவது?

பதில்:

பதினைந்து வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதல் சில வருடங்கள் நானும் "மெஷின் பிரேக்டவுனைக் குறைப்பேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு கியர்பாக்ஸ் உடைந்து லைன் இரண்டு நாள் நின்றது. மார்ச்சில் ரேட்டிங் பேசும்போது அந்த இரண்டு நாள் மட்டும்தான் பேச்சில் இருந்தது. அதற்கு முந்தைய பத்து மாதம் நன்றாக ஓடியது என்று சொன்னேன். "எவ்வளவு நன்றாக?" என்று மேனேஜர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நின்ற நேரத்தை நான் கூட்டியே வைத்திருக்கவில்லை.

அதனால் கோல் எழுதும் முன், போன வருடத்து பிரேக்டவுன் ஸ்லிப்புகளை எடுத்து உட்காருங்கள். ஒரு நாள் முழுக்கப் போகும், போகட்டும். என் டீமில் ஒரு தம்பிக்கு இப்படிச் செய்ததைச் சொல்கிறேன். அவன் பொறுப்பில் எட்டு சிஎன்சி லேத். ஸ்லிப்புகளைக் கூட்டியதில் வருடத்துக்கு 80 தடவை, மொத்தம் 240 மணி நேரம் நின்றிருந்தன. ஒரு தடவைக்கு சராசரி 3 மணி. அதில் 90 மணி நேரம் மெஷின் பக்கத்தில் யாருமே இல்லை, ஸ்பேருக்காகக் காத்திருந்த நேரம். ஹைட்ராலிக் சீல், பிராக்ஸிமிட்டி சுவிட்ச், கூலன்ட் பம்ப் மோட்டார் போன்ற சின்னச் சின்ன சாமான்கள்தான்.

இலக்கு எண் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். "20 சதவீதம் குறைப்பேன்" என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால், எப்படிக் குறைப்பாய் என்று கேட்டவுடன் திணற வேண்டியிருக்கும். அடிக்கடி தேவைப்படும் ஸ்பேர்களை ஸ்டோரில் எப்போதும் வைத்தால் அந்த 90 மணியில் பாதியாவது மிச்சமாகும் என்று போட்டோம், அது 45. இரண்டு மெஷினில் ஹைட்ராலிக் சக்கில் திரும்பத் திரும்ப வந்த ஒரே கசிவை நிரந்தரமாகச் சரிசெய்தால் இன்னும் 15. மொத்தம் 60 மணி. ஆக, 240-லிருந்து 180. இதை ரேட்டிங் 3 என்று வைத்தோம். 150-க்குள் வந்தால் 4, 120-க்குள் வந்தால் 5. இந்த மூன்று எண்ணையும் ஏப்ரலிலேயே எழுதிவிடுங்கள். இலக்கை மட்டும் எழுதிவிட்டு, அதைத் தாண்டினால் என்ன ரேட்டிங் என்பதை எழுதாமல் விட்டால், மார்ச்சில் பழைய கதைதான்.

அடுத்தது, மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது. சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். நாங்கள் எழுதியது இது: ஆபரேட்டர் ஸ்லிப் போட்ட நேரத்தில் கணக்கு தொடங்கும், ரிப்பேர் முடிந்து முதல் நல்ல பீஸ் வந்து புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடும்போது முடியும். கரண்ட் போனதும் டூல் மாற்றியதும் கணக்கில் வராது. பத்து நிமிடத்துக்குள் சரியானால் மணியில் சேராது, ஆனால் எத்தனை தடவை என்று தனியாகக் குறிக்கப்படும். கையெழுத்து நம்முடையதாக இல்லாமல் புரொடக்‌ஷனுடையதாக இருப்பது முக்கியம். நம் வேலைக்கு நாமே நேரம் போட்டுக்கொண்டால் அதை ஆதாரமாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

நம் கையில் இல்லாத விஷயங்களையும் அப்போதே எழுத வேண்டும். பழுதாகும் முன்பே செய்யும் பராமரிப்பான பி.எம். செய்யும் தேதியில் புரொடக்‌ஷன் மெஷினை விடவில்லை என்றால், காரணத்தை சூப்பர்வைசர் பி.எம். ஷீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். வெளி வெண்டாருக்கு அனுப்பும் ரிப்பேரில், கழற்றிய நேரமும் திரும்ப மாட்டிய நேரமும் மட்டும் 240-இன் கணக்கோடு ஒப்பிடப்படும், வெண்டாரிடம் இருந்த நேரம் தனிக் கணக்கு என்று இன்னொரு வரி. போன வருடக் கணக்கிலும் அதே முறையில்தான் கூட்டியிருந்தோம். அடிப்படை ஒரு மாதிரி, இலக்கு ஒரு மாதிரி அளந்தால் ஒப்பிடவே முடியாது.

அந்த வரிகள் அக்டோபரில் கைகொடுத்தன. ஒரு மெஷினின் ஸ்பிண்டில் வெண்டாரிடம் போய் 72 மணி நேரம் இருந்தது. மெஷினின் பி.எம். ஷீட்டைப் பார்த்தால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் "அவசர ஆர்டர், மெஷின் விட முடியாது" என்று சூப்பர்வைசரின் கையெழுத்து இருந்தது. தம்பி எந்த விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மணி நேரத்தை மட்டும் அளந்தால் ஆள் தற்காலிகமாக ஒட்டுப் போட்டு மெஷினை ஓடவிட்டு விடுவான், சீக்கிரம் முடிந்ததாகக் கணக்கில் வரும். அதனால் கூடவே ஒரு எதிர் அளவு வையுங்கள். அதே மெஷினில் அதே கோளாறு ஏழு நாளுக்குள் திரும்ப வந்தால் "ரிபீட்" என்று குறிக்கிறோம். மணி குறைந்து ரிபீட் ஏறினால், ரிப்பேர் சரியில்லை என்று அர்த்தம். பத்து நிமிட நிறுத்தங்கள் திடீரென்று கூடினாலும் சந்தேகப்படுங்கள், நீண்ட நிறுத்தத்தைத் துண்டு துண்டாக எழுதுகிறார்கள் என்று இருக்கலாம்.

மாதக் கடைசி சனிக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்கி, நின்ற மணி, தடவை, ரிபீட், விடப்படாத பி.எம். ஆகிய நான்கு எண்களை மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். பெரிய அறிக்கை வேண்டாம், நான்கு வரி போதும். எண் தப்பு என்று அவருக்குத் தோன்றினால் மே மாதத்திலேயே சொல்லட்டும். நடுவில் புது மெஷின் வந்தாலோ, வேறு லைன் கொடுத்தாலோ, அந்த வாரமே கோலைத் திருத்தி மெயிலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் மார்ச்சில் அது இருவருக்கும் வேறு வேறு மாதிரி நினைவிருக்கும்.

வருடக் கடைசியில் தம்பியின் கணக்கு 158 மணியில் நின்றது. 4-க்கு எட்டு மணி நேரம் அதிகம். மேனேஜர் 3 போட்டார். வருத்தப்பட்டான், ஆனால் வாதாடவில்லை. டிசம்பரில் ஒரு பிராக்ஸிமிட்டி சுவிட்ச் ஸ்டோரில் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் 11 மணி நேரம் போனது அவன் ஷீட்டிலேயே இருந்தது.

உங்கள் கம்பெனியில் பெல் கர்வ் இருந்தால் இது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. இத்தனை பேருக்குத்தான் 5 என்று மேலிருந்து வந்தால் எண் சரியாக இருந்தும் இறக்குவார்கள். ஆனால் அந்த மீட்டிங்கில் நீங்கள் இருக்கப் போவதில்லை, உங்களுக்காகப் பேசப் போகிறவர் உங்கள் மேனேஜர். பன்னிரண்டு மாத எண்களும் ஒரே பக்கத்தில் வரும்படி ஒரு ஷீட் தயார்செய்து மீட்டிங்குக்கு முந்தின நாள் அவர் கையில் கொடுங்கள், மேலே ஏப்ரலில் எழுதிய மூன்று ரேட்டிங் எண்களோடு.