டிஸ்க்கில் கோளாறா, டிரைவில் கோளாறா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் உள்ள டிவிடி டிரைவ் எட்டு வருஷப் பழசு. விலைக்கு வாங்கிய பாட்டு சிடி ஓடுகிறது. நானே எழுதி வைத்த குடும்பப் பட டிவிடிகளில் பாதிக்கு மேல் ஓடவில்லை. விளக்கு மினுக்கிவிட்டு, டிஸ்க்கைப் போடு என்று கேட்கிறது. சில நாள் தட்டும் முழுதாக வெளியே வராமல் நின்றுவிடுகிறது. லென்ஸ் துடைக்கும் டிஸ்க் வாங்குவதா, பெல்ட் மாற்றுவதா, புது டிரைவே வாங்கிவிடுவதா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் கீறல் இல்லாத ஒரு சினிமா டிவிடியைத் தேடி எடுங்கள். வீட்டில் எழுதியதாக இருக்கக் கூடாது, கம்பெனியில் அச்சடித்து விற்றதாக இருக்க வேண்டும். ஓடுகிறது என்று நீங்கள் சொல்வது அச்சடித்த சிடி. ஓடவில்லை என்பது கையால் எழுதிய டிவிடி. இரண்டுக்கும் நடுவே ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. சிடி டிவிடியாகிறது, அச்சு டிஸ்க் எழுதிய டிஸ்க்காகிறது. இதில் எது காரணம் என்பதை அந்த சினிமா டிவிடிதான் பிரித்துக் காட்டும்.

டிவிடி டிரைவுக்குள் பெரும்பாலும் லென்ஸ் ஒன்றுதான், லேசர் இரண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று தேய்ந்து மங்கினாலும் மற்றது நன்றாக வேலை செய்யும். அதனால் சிடி ஓடுவதை வைத்து டிரைவ் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. லென்ஸைத் துடைத்த பிறகும் சினிமா டிவிடி ஓடவில்லை என்றால் சிவப்பு லேசர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பழுது பார்ப்பதெல்லாம் கிடையாது, வேறு டிரைவ்தான். லேசர் பக்கத்தில் உள்ள சின்ன திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டு என்று யாராவது யோசனை சொல்வார்கள். நானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். கொஞ்ச நாள் ஓடியது, பிறகு இருந்த உயிரும் போய்விட்டது.

சரி, தட்டுக்கு வருவோம். சோதனை செய்ய வேண்டுமானால் முதலில் அது ஒழுங்காக மூட வேண்டும். தட்டை இழுப்பது ஒரு சின்ன ரப்பர் பெல்ட். தட்டு உள்ளே போனதோடு அதன் வேலை முடிவதில்லை. கடைசிச் சுற்றில் அதே பெல்ட்தான், டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் லேசரும் உட்கார்ந்திருக்கும் பகுதியை மேலே தூக்குகிறது. அப்போதுதான் மேலே உள்ள காந்த வில்லை டிஸ்க்கை நடுவில் கவ்விப் பிடிக்கும். பெல்ட் தளர்ந்தால் தட்டு மூடியது போலத் தெரியும், ஆனால் டிஸ்க் சரியாகக் கவ்வப்பட்டிருக்காது. சுழலும்போது வழுக்கும், டிரைவோ டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தட்டு மூடும்போது கடைசியில் விரலால் லேசாக உள்ளே தள்ளிப் பார்ப்பது. தள்ளினால் ஓடுகிறது, தானாக மூடினால் ஓடவில்லை என்றால் குற்றவாளி பெல்ட்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. உள்ளே டிஸ்க் இருக்கும்போது சுலபமாகத் திறக்கும் தட்டு, காலியாக இருக்கும்போது அடம்பிடிக்கும். காந்தம் நேரடியாக மோட்டார் தலையில் ஒட்டிக்கொள்வதால், தளர்ந்த பெல்ட்டுக்கு அதைப் பிரிக்க வலு போதாது. அப்படியானால் புது பெல்ட் வரும்வரை ஒரு வேண்டாத டிஸ்க்கை உள்ளேயே விட்டு வையுங்கள். ஆனால் பெல்ட்டுக்கு சிடி, டிவிடி என்ற வித்தியாசம் தெரியாது. சிடி எப்போது போட்டாலும் ஓடி, டிவிடி மட்டும் ஓடாமல் இருந்தால் பெல்ட்டைக் குறை சொல்ல முடியாது.

பெல்ட் மாற்றுவது பயப்படும் அளவு வேலை இல்லை. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டிரைவின் முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டு அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். பல டிரைவ்களில் முகப்பைக் கழற்றினாலே தட்டுக்குக் கீழே பெல்ட் கண்ணில் படும். முதலில் பெல்ட்டையும் அது ஓடும் சின்னச் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டிப் பாருங்கள். மேலே படிந்த பிசுக்குதான் காரணம் என்றால் அதோடு சரியாகிவிடும். வெந்நீரில் போட்டால் பெல்ட் சுருங்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அது தற்காலிகம்.

புதிது வாங்கும்போது அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய பெல்ட்டை மேசையில் வைத்துத் தட்டையாக அழுத்தி, உள்பக்க நீளத்தை அளங்கள். 40 மில்லிமீட்டர் வந்தால் உள்சுற்றளவு 80. அதை 3.14 ஆல் வகுத்தால் உள்விட்டம் ஏறக்குறைய 25.5. ஆனால் நீங்கள் அளந்தது ஏற்கெனவே நீண்டுபோன பெல்ட்டை. ஆகவே 5 சதவீதம் குறைத்து 24 மில்லிமீட்டர் வாங்குங்கள். அதைவிட இறுக்கமாக வாங்கினால் சின்ன மோட்டார் திணறும். விற்பவர் சொல்வது விட்டமா, மடித்த நீளமா என்று கேட்டுவிடுங்கள். காசைக் கட்டும் சாதாரண ரப்பர் பேண்ட் சோதித்துப் பார்க்க மட்டும் உதவும். சீக்கிரம் இளகி ஒட்டிக்கொள்ளும். மடிக்கணினியின் மெலிந்த டிரைவில் இந்த பெல்ட்டே கிடையாது, அங்கே தட்டை வெளியே தள்ளுவது ஒரு ஸ்பிரிங்.

அடுத்தது லென்ஸ். சின்னத் தூரிகை ஒட்டிய கிளீனர் டிஸ்க்கை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதிரித் தூசியை அது தட்டிவிடும், எட்டு வருஷமாகப் படிந்த புகைப்படலத்தை அது அசைக்காது. மடிக்கணினி டிரைவில் தட்டோடு லென்ஸும் வெளியே வந்துவிடும். உங்களுடைய பெரிய டிரைவில் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி மூடியை எடுக்க வேண்டும், கட்டாயம் மின்சாரத் தொடர்பு இல்லாமல். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, பிழிந்துவிட்டு, லென்ஸ் மேல் எடை வைக்காமல் ஒரு சுற்று, பிறகு உலர்ந்த குச்சியால் ஒரு சுற்று. அவ்வளவுதான். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, தொட்டால் ஆடுவது இயல்பு. அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் மட்டும் வேண்டாம், லென்ஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் பால்போல வெளுத்துவிடும்.

இப்போது சினிமா டிவிடியைப் போடுங்கள். ஓடினால் டிரைவ் தப்பித்தது, மிச்சக் குற்றம் டிஸ்க்குகளுடையது.

என் வீட்டில் இதே நிலைமை வந்தபோது, எழுதிய டிவிடிகள் பத்தில் நான்குதான் ஓடின. பெல்ட்டும் லென்ஸும் பார்த்த பிறகு ஏழு ஓடின. மீதி மூன்றும் மூன்று விதம். முதலாவதில் வட்டமாக ஒரு கீறல். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சமாகத்தான் வெட்டும். பிழை திருத்தும் குறியீடு அதை ஈடுகட்டிவிடும், சிடியில் தடத்தின் வழியே 2.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தாங்கும். வட்டக் கீறலோ ஒரே தடத்தோடு நெடுகப் போகிறது, அதை ஈடுகட்ட முடியாது. டிஸ்க்கை வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து வெளியே துடை என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, எழுதும்போது முடித்து மூடாத டிஸ்க். எழுதிய டிரைவில் ஓடும், மற்றதில் காலி டிஸ்க் போலக் காட்டும். விண்டோஸில் எழுதத் தொடங்கும்போது Like a USB flash drive, With a CD/DVD player என்று இரண்டு வழி கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். எழுதிய டிரைவிலேயே போட்டு, வலது சொடுக்கில் Close session கொடுத்ததும் என் டிஸ்க் மற்ற டிரைவ்களிலும் திறந்தது.

மூன்றாவதில் முதல் படங்கள் திறந்தன, கடைசிப் படங்கள் திறக்கவில்லை. பதிவு உள்ளிருந்து வெளியே போகிறது. அடியில் நிறம் மாறும் வளையத்தைப் பார்த்தால் எதுவரை எழுதியிருக்கிறது என்று தெரியும். விளிம்புவரை நிரப்பியும், அதிவேகத்தில் எழுதியும் இருந்தேன், இரண்டும் சேர்ந்தால் முதலில் கெடுவது விளிம்புதான். வெயில் படும் இடத்தில் வைத்ததால் சாயமும் வெளுத்திருக்கலாம். பாலிஷ் போட்டு இதைத் திருப்ப முடியாது. பற்பசையெல்லாம் அடிப்பக்க மேலோட்டக் கீறலுக்கு மட்டும். சிடியின் பெயர்ப்பக்கம் கீறி வெளிச்சம் தெரிந்தால் அங்கே தரவே போய்விட்டது. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் பெயர்ப்பக்கக் கீறல் அவ்வளவு மோசமில்லை.

இப்படிப்பட்ட டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட பகுதியை இன்னொன்று படிப்பது சகஜம். லினக்ஸ் கையில் இருந்தால் `ddrescue` இதற்கென்றே அமைந்தது:

```
ddrescue -n -b2048 /dev/sr0 padam.iso padam.map
ddrescue -d -r3 -b2048 /dev/sr0 padam.iso padam.map
```

முதல் வரி சுலபமாக வருவதை அள்ளுகிறது, இரண்டாவது விட்டுப்போன இடங்களை மூன்று முறை முயல்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று `padam.map` குறித்து வைப்பதால், அதே கோப்புகளோடு வேறு டிரைவில் தொடரலாம், ஓட்டைகள் மட்டும் நிரம்பும். என்னுடையதில் இரண்டு படங்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன.

சினிமா டிவிடி ஓடாமல் போய், டிரைவ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டெஸ்க்டாப்புக்கு உள்ளே பொருத்தும் பெரிய டிரைவையே எடுங்கள். யூஎஸ்பியில் மாட்டும் மெலிந்த டிரைவுக்கு டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும்போது மின்சாரம் கூடுதலாக வேண்டும், யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லிஆம்பியர்தான். போதாவிட்டால் டக் டக்கென்று சத்தம் கேட்டு அணையும், டிஸ்க் கெட்டது போலவே தோன்றும். அப்போது கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டுங்கள். அப்புறம், குடும்பப் படங்களை எழுதியது இந்தப் பழைய டிரைவ்தான் என்றால், எல்லா டிஸ்க்கையும் நகலெடுத்து முடிக்கும்வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம். மூடாமல் விட்ட டிஸ்க் ஒன்றிரண்டு அதில் மட்டுமே திறக்கும்.