கொத்தமல்லியை மஞ்சளாக்கியது ஆப்பிள்தான்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எங்கள் ஃப்ரிட்ஜில் கீழே இரண்டு காய்கறி டிராயர்கள். ஒவ்வொன்றிலும் நகர்த்துகிற மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறது. குளிர் வெளியே போகக் கூடாதென்று இரண்டையும் மூடியே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கும் கொத்தமல்லி புதன்கிழமைக்குள் மஞ்சளாகிவிடுகிறது. கேரட் லேசாகக் கசக்கிறது. அதே டிராயரில் இருக்கும் ஆப்பிள் மட்டும் கெடவே இல்லை. மேல் தட்டில் கிண்ணத்தில் வைத்த லிச்சி தோல் பழுப்பாகிவிட்டது. அந்தப் பொத்தான் எதற்கு? எதை எங்கே வைப்பது?

ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பொத்தானுக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. டிராயரை வெளியே இழுத்து, பொத்தானை அப்படியும் இப்படியும் தள்ளிப் பாருங்கள். ஒரு சின்னச் சன்னல் திறந்து மூடுவது தெரியும். அதன் வேலை அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்று வறண்டது. காற்றிலுள்ள ஈரம் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாயில் பனியாகப் படிந்துவிடுகிறது. சன்னலை மூடினால், காய்கள் விடும் ஆவி டிராயருக்குள்ளேயே நிற்கும். அந்த ஈரம் காயிலிருந்து வருவது, ஃப்ரிட்ஜ் கொடுப்பதில்லை. அதனால்தான் பெரிய டிராயரில் ஒரே ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டு மூடினால் பெரிதாகப் பயனில்லை. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் ஈரம் சேரும். பொத்தானில் ஹை என்றிருப்பது சன்னல் மூடிய நிலை, லோ என்பது திறந்த நிலை.

மூடினால் ஈரத்தோடு இன்னொன்றும் உள்ளே தங்கும். அது எத்திலீன் என்ற வாயு. ஆப்பிள், பேரிக்காய், பழுத்த மாம்பழம், அவகாடோ, பப்பாளி எல்லாம் இதை நிறைய வெளிவிடும். இலையில் பட்டால் பச்சையம் சிதைந்து மஞ்சளாகும். கேரட்டில் பட்டால் கசப்புப் பொருள் உண்டாகும். உங்கள் டிராயரில் நடந்தது அதுதான்.

இலையைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். தண்டு தொங்கி இலை வதங்கினால் ஈரம் போதவில்லை. நிமிர்ந்து நின்றபடியே மஞ்சளானால் வாயு. குழகுழவென்று அழுகினால் தண்ணீர் ஒட்டியிருந்திருக்கிறது. கழுவிய ஈரத்தோடு வைக்காமல், உதறி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இனி ஒரு டிராயரை மூடியே வைத்து கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, கீரை, பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். இன்னொன்றைத் திறந்துவிட்டு ஆப்பிள், பேரிக்காய், வெளியில் வைத்துப் பழுத்த பிறகு மாம்பழம், அவகாடோ இவற்றை வையுங்கள். காயான மாங்காயும் அவகாடோவும் பழுக்கும்வரை ஃப்ரிட்ஜுக்கே வர வேண்டாம். குளிர் பட்டால் பிறகு சரியாகப் பழுக்காது.

ஆப்பிளுக்கு வறட்சி பிடிக்கும் என்பதால் திறந்து வைக்கச் சொல்லவில்லை. ஆப்பிளுக்கும் ஈரம்தான் பிடிக்கும், வறண்டால் தோல் சுருங்கும். அதன் வாயு கீரையின் பக்கத்தில் சேராமல் வெளியேறத்தான் அந்தத் திறப்பு. ஒரு டிராயர் முழுக்க ஆப்பிள் மட்டும் இருந்தால் தாராளமாக மூடிவிடலாம். ஒரே டிராயர் உள்ள வீட்டில் அதைக் கீரைக்குக் கொடுத்துவிட்டு, ஆப்பிளைத் துளையிட்ட பையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜும் ஒரு மூடிய பெட்டிதானே, வாயு முழுதாக வெளியே போய்விடாது. ஆனால் பக்கத்திலேயே இருப்பதைவிட வெகுவாகக் குறையும்.

லிச்சி விஷயத்தில் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். பழம்தானே என்று ஆப்பிளோடு சேர்த்துவிடுகிறோம். லிச்சி பறித்த பிறகு பழுக்காது, எத்திலீனும் மிகக் குறைவாகத்தான் விடும். தோல் பழுப்பாவது காய்ந்து போவதால். டிசம்பரில் கொத்துக் கொத்தாக வாங்கும்போது பையில் போட்டு, கீரை இருக்கும் மூடிய டிராயரிலேயே வையுங்கள். திராட்சைக்கும் அங்கேதான் இடம், காம்பு காயாமல் இருக்கும்.

வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் மூன்றுக்கும் எந்த டிராயரும் முழுதாகப் பொருந்தாது. கத்தரிக்காய் 10 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து விதை கறுக்கும். வெண்டைக்காய்க்கு 7 டிகிரி வரை பரவாயில்லை. வீட்டு ஃப்ரிட்ஜோ 4 டிகிரியில் இருக்கிறது. டர்பன் வெயிலில் வெளியே வைத்தாலும் வாடிவிடும். அதனால் துடைத்து உலர்த்தி மூடிய டிராயரில் வைத்து, இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இவற்றை முடித்துவிட்டு, கேரட், முட்டைக்கோஸ் பக்கம் அப்புறம் போகலாம்.

அன்புடன்,
அக்கா